அடுக்ககச் சங்கத்துக்கு ஒரு ஏஐ கோப்புக்கட்டு

அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளர் பொறுப்பை ஏற்றவருக்குச் சம்பளம் கிடையாது. எழுத்து வேலைக்கோ முடிவே கிடையாது. தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளுக்கு ஒரு சுற்றறிக்கை, லிஃப்ட் நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம், பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவருக்கு மனம் நோகாமல் ஒரு நினைவூட்டல், செயற்குழு கூடினால் மினிட்ஸ், ஆண்டு முடிந்தால் பொதுக்குழு அறிவிப்பும் நிகழ்ச்சி நிரலும். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற ஒருவரோ, அலுவலகம் முடிந்து வந்து இரவில் உட்காரும் ஒருவரோதான் இவ்வளவையும் எழுதுகிறார். சாட்ஜிபிடி, கிளாட் போன்ற ஏஐ செயலிகள் இவர்களுக்குக் கை கொடுக்கின்றன. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு சுற்றறிக்கைகளும் சில நிமிடங்களில் தயாராகிவிடுகின்றன.

ஆனால் சில வாரங்களிலேயே ஒரு சலிப்பு தொடங்குகிறது. சென்னையில் 60 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 4 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இரண்டு லிஃப்ட், ஒரு டீசல் ஜெனரேட்டர், ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். திங்கட்கிழமை கட்டண நினைவூட்டல் எழுதுவதற்காகச் செயலாளர் இதையெல்லாம் செயலியில் தட்டச்சு செய்கிறார். கடிதம் நன்றாக வருகிறது. வியாழக்கிழமை லிஃப்ட் புகாருக்காகப் புதிய சாட் ஒன்றைத் திறந்தால், திங்கட்கிழமை சொன்னதில் பாதி அங்கே இல்லை. மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரத்தில் சொல்லாமல் விட்டால், செயலி தானாகவே ஒரு தேதியைப் போட்டு இடைவெளியை நிரப்பிவிடுகிறது. அடுத்த மாத நினைவூட்டலில் 7-ஆம் தேதி இருக்க வேண்டிய இடத்தில் 10-ஆம் தேதி வந்து உட்கார்ந்தால் அப்படித்தான் வந்திருக்கும். வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகு யாராவது கண்டுபிடிப்பார்கள்.

இதற்குக் காரணம் இந்த மொழி மாதிரிகள் வேலை செய்யும் விதம். ஒரு சாட்டில் நாம் ஒவ்வொரு முறை எழுதும்போதும், அந்தச் சாட்டில் அதுவரை பேசியது முழுவதும் மறுபடி மாதிரியின் முன் வைக்கப்படுகிறது. அதைப் படித்துத்தான் அடுத்த பதில் பிறக்கிறது. பதில் வந்த பிறகு மாதிரிக்குள் நம்மைப் பற்றி எதுவும் பதிந்து நிற்பதில்லை. புதிய சாட் என்றால் அதன் முன் வைக்கப்படுவது வெறும் தாள். அண்மைக் காலத்தில் நினைவு வசதி சேர்க்கப்பட்ட செயலிகளிலும், முந்தைய சாட்களிலிருந்து பொறுக்கிய சில குறிப்புகளும் துண்டுகளும்தான் அந்தத் தாளில் முன்கூட்டியே எழுதப்படுகின்றன. எந்தக் குறிப்பு வந்தது, எது வரவில்லை என்பது முழுவதும் நம் கையில் இல்லை.

அந்தத் தாளில் எப்போதும் என்ன இருக்க வேண்டும் என்று நாமே தீர்மானிக்க ஒரு வழி உண்டு. அதன் பெயர் 'புராஜெக்ட்'. கிளாட் செயலியை நடத்தும் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 ஜூன் மாதம் இதைக் கட்டணப் பயனாளர்களுக்கு அறிமுகப்படுத்தியது. ஓப்பன்ஏஐ அதே ஆண்டு டிசம்பரில் சாட்ஜிபிடியில் கொண்டுவந்தது. இரண்டிலுமே பின்னர் இலவசக் கணக்குகளுக்கும் வசதி திறந்துவிடப்பட்டது. கோப்புகளின் எண்ணிக்கையிலோ புராஜெக்ட்களின் எண்ணிக்கையிலோ மட்டும் வரம்பு குறைவு.

புராஜெக்ட் என்பதைக் கணினித் திரையில் பார்த்தால் ஒரு ஃபோல்டர் போலத்தான் இருக்கும். அதற்குள் மூன்று சங்கதிகள். தொடர்புடைய சாட்கள் ஓரிடத்தில் வரிசையாக நிற்கும். அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக நாம் ஏற்றிவைக்கும் கோப்புகள் இருக்கும். அந்தப் புராஜெக்ட்டுக்குள் எந்தச் சாட்டைத் திறந்தாலும் பின்பற்ற வேண்டிய நிலையான அறிவுறுத்தல் ஒன்று இருக்கும். அரசு அலுவலகத்தில் இடமாறுதலாகி வரும் எழுத்தர் தன் மேசையில் இருக்கும் கோப்புக்கட்டைப் படித்துவிட்டு அடுத்த கடிதத்தை எழுதுவதைப் போலத்தான் இங்கும் நடக்கிறது. ஆள் ஒவ்வொரு முறையும் புதியவர். கட்டு மட்டும் அதே கட்டு. கட்டில் இருப்பது சரியாக இருந்தால் கடிதம் சரியாக இருக்கும். கட்டில் பழைய காகிதம் ஒன்று சிக்கியிருந்தால் கடிதத்திலும் அது வந்து நிற்கும்.

தொடங்குவது எளிது. இடப்பக்கப் பட்டியலில் "Projects" என்பதைத் தேர்ந்து "New project" என்பதை அழுத்திப் பெயர் கொடுத்தால் போதும். அந்தப் பெயரிலேயே பலர் சறுக்குகிறார்கள். 'சங்கம்' என்று ஒரே புராஜெக்ட்டை உருவாக்கி அதிலேயே மகளின் கல்லூரி விண்ணப்பத்தையும் வருமான வரிச் சந்தேகத்தையும் பேசத் தொடங்கினால், சங்கத்தின் அறிவுறுத்தலும் கோப்புகளும் அந்தச் சாட்களிலும் வந்து தலையிடும். ஒரே காகிதங்களை வைத்து, ஒரே தொனியில் செய்ய வேண்டிய வேலைகள்தான் ஒரு புராஜெக்ட்டுக்குள் சேர வேண்டும். நம் செயலாளருக்குக் கட்டண நினைவூட்டல், சுற்றறிக்கை, மினிட்ஸ், ஒப்பந்ததாரர் கடிதம் எல்லாமே ஒரே காகிதங்களைத் தொடுபவை. எனவே ஒன்றே போதும். அடுக்ககத்துக்கு வண்ணம் பூசும் வேலை தொடங்கி, மதிப்பீடுகளும் ஒப்பந்தப்புள்ளிகளும் வந்து குவியும்போது அதற்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து கோப்புகள். இங்கேதான் அதிகம் கவனிக்க வேண்டும். சங்கத்தின் துணைவிதிகள், நடப்பு ஆண்டின் கட்டணத் தீர்மானம், லிஃப்ட், ஜெனரேட்டர், சுத்திகரிப்பு நிலையம் ஆகிய மூன்றின் பராமரிப்பு ஒப்பந்தங்கள், கடந்த ஓராண்டு மினிட்ஸ், நன்றாக எழுதப்பட்டதாகச் செயற்குழு கருதும் இரண்டு மூன்று பழைய சுற்றறிக்கைகள். தொடங்குவதற்கு இவை போதும். கையில் இருக்கும் பத்தாண்டுக் காகிதங்களையும் ஒரேயடியாக ஏற்றிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் பதில்களின் தரம் குறையத்தான் வாய்ப்பு அதிகம். காரணம், மாதிரி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை இருக்கிறது.

அந்த எல்லை 'டோக்கன்' என்ற அலகில் கணக்கிடப்படுகிறது. மாதிரி எழுத்துகளை நம்மைப் போலப் படிப்பதில்லை. உரையைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. அந்தத் துண்டுதான் டோக்கன். கிளாட்டின் புராஜெக்ட் வந்தபோது அதன் கொள்ளளவு 2,00,000 டோக்கன் என்றும், அது ஏறத்தாழ 500 பக்கப் புத்தகத்துக்குச் சமம் என்றும் ஆந்த்ரோபிக் அறிவித்தது. அந்த 500 பக்கம் ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழ் உரை கூடுதல் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது, ஒரே வாக்கியங்களைப் பல மொழிகளில் கொடுத்து ஓர் ஒப்பீடு காட்டியது. தமிழ் வாக்கியங்களுக்கு முன்பு 116 டோக்கன் பிடித்தது, புதிய முறையில் 35 ஆகக் குறைந்தது. அதே பொருளுள்ள ஆங்கிலத்துக்கு முன்பு 27, பிறகு 24. இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது, ஆனாலும் தமிழ்தான் இன்னும் அதிக இடம் எடுக்கிறது. தமிழில் மினிட்ஸ் எழுதும் சங்கத்தின் புராஜெக்ட், ஆங்கிலத்தில் எழுதும் சங்கத்தின் புராஜெக்ட்டைவிடச் சீக்கிரமே நிரம்பும்.

நிரம்பினால் என்ன ஆகும்? இதைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். கோப்புகள் குறைவாக இருக்கும்வரை அவை முழுவதையும் மாதிரியின் முன் வைக்க முடியும். அளவு கூடினால் செயலி வேறு வழிக்கு மாறுகிறது. கோப்புகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, நாம் எழுதும் கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் சில பகுதிகளை மட்டும் தேடி எடுத்து முன்வைக்கிறது. கிளாட்டின் கட்டணக் கணக்குகளில் இந்த மாற்றம் தானாகவே நடக்கிறது. இதனால் பல மடங்கு கூடுதலான கோப்புகளை வைத்துக்கொள்ளவும் முடிகிறது. 'ஜெனரேட்டர் ஒப்பந்தம் எப்போது முடிகிறது' என்பது போன்ற கேள்விக்கு இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். அந்தத் தேதி ஓரிடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை எடுத்தால் போதும். 'கடந்த ஆண்டில் இரண்டாவது லிஃப்ட் எத்தனை முறை பழுதானது' என்று கேட்டால்தான் சிக்கல். அதற்கு 12 மாத மினிட்ஸையும் ஒன்றுவிடாமல் படிக்க வேண்டும். தேடல் ஏழு பகுதிகளை எடுத்துக் கொடுத்தால், அந்த ஏழில் இருப்பதை மட்டும் எண்ணி ஒரு விடை வரும். விடையின் தொனியில் தயக்கம் எதுவும் இருக்காது. லிஃப்ட் நிறுவனத்துக்கு அந்த எண்ணிக்கையோடு கடிதம் போய்விட்டால், அவர்கள் தங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டைக் காட்டி மறுப்பார்கள்.

இத்தகைய எண்ணிக்கை வேலைக்குப் பழுதுகளைத் தேதி வாரியாக ஒரு பக்கப் பட்டியலாகத் தொகுத்து, அந்தப் பட்டியலையே தனிக் கோப்பாக ஏற்றுவது பாதுகாப்பானது. மொத்தமும் ஒரே இடத்தில் இருப்பதால் விடுபடும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. பட்டியலை மாதம் ஒருமுறை கையால் புதுப்பிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு பக்கம் லிஃப்ட் நிறுவனத்தோடு பேசும்போது செயலாளரின் கையிலும் இருக்க வேண்டிய பக்கம்.

தமிழ்க் கோப்புகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய துணைவிதிகளும் தீர்மானங்களும் பல சங்கங்களில் பாமினி, வானவில் போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் அழகான தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த ஒரு குவியல். எழுத்துருதான் அதற்குத் தமிழ் வடிவம் தருகிறது. கோப்பிலிருந்து உரையை மட்டும் உருவியெடுக்கும் செயலிக்குக் கிடைப்பது அந்தக் குவியல்தான். சோதித்துப் பார்ப்பது எளிது. பிடிஎஃப் கோப்பில் ஒரு பத்தியைத் தேர்ந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பிலோ நோட்பேடிலோ ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே ஒட்டினால் நல்லது. புரியாத ஆங்கில எழுத்துகளாக ஒட்டினால் எழுத்துரு மாற்றி ஒன்றின் உதவியால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். பத்தியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் திறன் இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆனாலும் மங்கிய முத்திரையும் கையெழுத்துத் திருத்தமும் உள்ள பத்திரங்களில் 3-ஐ 8 ஆகப் படித்துவிடும் ஆபத்து உண்டு. தொகையும் தேதியும் உள்ள பக்கங்களையாவது கையால் தட்டச்சு செய்துவிடுவது நல்லது.

மூன்றாவது, நிலையான அறிவுறுத்தல். புராஜெக்ட்டின் பக்கத்தில் "Instructions" என்ற பெட்டியில் இதை எழுத வேண்டும். 'நீ ஒரு சிறந்த சங்கச் செயலாளர், தெளிவாகவும் அழகாகவும் எழுது' என்பது போன்ற வரிகளை எழுதி வைப்பவர்கள் ஏராளம். அந்த வரிகளால் பதிலில் பெரிய மாற்றம் எதுவும் வராது. வேலை செய்பவை, சரிபார்க்கக்கூடிய வரிகள். நம் செயலாளர் எழுதியது ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"இது 60 வீடுகள் கொண்ட அடுக்ககத்தின் சங்க வேலை. குடியிருப்போருக்கான சுற்றறிக்கையை முதலில் தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 120 சொற்களுக்கு மிகாமல் இருக்கட்டும், பலர் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். 'அன்புடையீர்' என்று தொடங்க வேண்டும். கட்டணப் பாக்கி பற்றிய பொது அறிவிப்பில் யாருடைய பெயரும் வீட்டு எண்ணும் வரக் கூடாது. தொகை, தேதி, விதி எண் ஆகியவற்றைக் கோப்புகளில் இருந்து மட்டுமே எடுக்க வேண்டும். எந்தக் கோப்பு என்பதைக் கடிதத்துக்குக் கீழே தனியாகக் குறிப்பிட வேண்டும். கோப்பில் இல்லாவிட்டால் அந்த இடத்தைக் கோடிட்டு விட வேண்டும். இரண்டு கோப்புகள் முரண்பட்டால் எழுதுவதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும்."

இதில் ஒவ்வொரு வரியும் முன்பு எங்கோ நடந்த ஒரு பிசகிலிருந்து வந்தது போலத் தோன்றினால், அதுதான் நல்ல அறிவுறுத்தலின் இயல்பு. 10-ஆம் தேதியைத் தானாகப் போட்ட பிசகைத் தடுப்பது, கோடிட்டு விடச் சொல்லும் வரி. கோப்பின் பெயரைக் கேட்கும் வரி, செயலாளர் ஒரு பார்வையில் சரிபார்த்துக்கொள்ள உதவுகிறது. 120 சொல் என்ற எண்ணிக்கைக்குக் காரணமும் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் தெரிந்தால், எல்லையில் நிற்கும் சந்தர்ப்பங்களில் மாதிரி அதற்கேற்ப நடந்துகொள்கிறது.

அறிவுறுத்தலில் எதை எழுதக் கூடாது என்பதும் முக்கியம். 'இந்த வாரம் தண்ணீர் லாரி தாமதமாக வரும்' என்பது இந்த வாரச் சாட்டுக்கு உரியது. அதை நிலையான அறிவுறுத்தலில் போட்டால் மூன்று மாதம் கழித்து எழுதும் தீபாவளி வாழ்த்திலும் லாரி எட்டிப் பார்க்கும். அதேபோல் கட்டணத் தொகையையும் அறிவுறுத்தலில் எழுதக் கூடாது. அது கோப்பில் மட்டும் இருக்கட்டும். ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தால், மாற்றும் நாளில் ஓர் இடம் விடுபட்டுப் போகும்.

பழைய கோப்பு என்ற சிக்கல் எவ்வளவு சாதாரணமாக நுழைகிறது என்பதற்கு இந்தக் கட்டணமே நல்ல எடுத்துக்காட்டு. அடுக்ககத்தில் 2022-இல் சதுர அடிக்கு 3.25 ரூபாய் என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்கள். 2025 ஏப்ரல் முதல் 4 ரூபாய் என்று பொதுக்குழு தீர்மானித்தது. நடைக்கான மாதிரியாக இருக்கட்டும் என்று 2022 சுற்றறிக்கையையும் செயலாளர் ஏற்றிவைத்திருக்கிறார். இப்போது 1,150 சதுர அடி வீட்டுக்குக் கட்டணம் எவ்வளவு? தீர்மானத்தின்படி 4,600 ரூபாய். பழைய சுற்றறிக்கையின்படி 3,737 ரூபாய் 50 காசு. இரண்டு காகிதங்களுமே கட்டில் இருக்கின்றன. தீர்மானம் மினிட்ஸ் நடையில் நீளமான வாக்கியமாக இருக்கிறது. சுற்றறிக்கையோ 'மாதப் பராமரிப்புக் கட்டணம்' என்று தலைப்பிட்டு எண்ணைப் பளிச்சென்று சொல்கிறது. தேடி எடுக்கும் வழிக்குச் செயலி மாறியிருந்தால், கேள்விக்கு அதிகம் பொருந்துவதாக அதற்குப் பழைய சுற்றறிக்கையே தோன்றலாம். வீட்டுக்கு 862 ரூபாய் 50 காசு குறைவாகக் காட்டும் ஒரு நினைவூட்டல் 60 வீடுகளுக்கும் போய்விடும்.

தப்பிக்க எளிய வழி, பழைய சுற்றறிக்கையைப் புராஜெக்ட்டிலிருந்து நீக்கிவிடுவது. நடைக்காக அது வேண்டுமென்றால் தொகைகளை எல்லாம் அழித்துவிட்டு, 'நடை மாதிரி, தொகை இல்லை' என்று பெயரிட்டு வைக்கலாம். கோப்பின் பெயரிலேயே ஆண்டும் நிலையும் தெரிய வேண்டும். 'கட்டணம் 2025 ஏப்ரல் முதல், நடப்பில்' என்ற பெயர் நமக்கும் உதவுகிறது, செயலிக்கும் உதவுகிறது. கைப்பேசி தானாகக் கொடுக்கும் எண் வரிசையில் இருக்கும் பெயர்கள் யாருக்கும் உதவாது.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும், உண்மையான வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். விடை நமக்கே தெரிந்த நாலைந்து கேள்விகளைப் புதிய சாட் ஒன்றில் கொடுத்துப் பார்ப்பது. கட்டணத் தொகை ஒன்று. சிறப்புத் தீர்மானத்துக்கு எத்தனை நாள் முன்னதாக அறிவிப்பு தர வேண்டும் என்று துணைவிதியின் நடுப்பகுதியில் புதைந்திருக்கும் ஒரு விவரம். கோப்புகளில் எங்குமே இல்லாத ஒன்று, எடுத்துக்காட்டாக நீச்சல் குளத்தின் நேரம். அடுக்ககத்தில் நீச்சல் குளமே கிடையாது. இந்தக் கடைசிக் கேள்விதான் அதிகம் சொல்லும். கோப்பில் இல்லை என்று வந்தால் அறிவுறுத்தல் வேலை செய்கிறது. காலை 6 முதல் 9 வரை என்று நேரம் வந்தால், அறிவுறுத்தலை இன்னும் கறாராக எழுத வேண்டும். நடுப்பகுதியில் புதைந்த விவரத்தைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. நீளமான உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதைவிட நடுவில் இருப்பதை மொழி மாதிரிகள் கோட்டைவிடுகின்றன என்று நெல்சன் லியூவும் சக ஆய்வாளர்களும் 2023-இல் காட்டினார்கள். பிறகு வந்த மாதிரிகள் இதில் தேறியிருந்தாலும், நம் கோப்பை வைத்து நாமே ஒருமுறை பார்த்துக்கொள்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

புராஜெக்ட்டைப் பயன்படுத்தத் தொடங்குபவர்களில் பலர் ஏமாறும் இடம் இன்னொன்று. ஒரே புராஜெக்ட்டுக்குள் இருப்பதால் சாட்கள் ஒன்றையொன்று அறிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிளாட்டில் புராஜெக்ட் அறிமுகமானபோது அப்படி ஏற்பாடு இல்லை. ஒரு சாட்டில் பேசியதைப் பொதுக் கோப்பாகச் சேர்த்தால்தான் அடுத்த சாட்டுக்கு அது தெரியும். பின்னர் நினைவு வசதி வந்தபோது ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனி நினைவு என்று வைத்தார்கள். சாட்ஜிபிடியில் 2025-இல் புராஜெக்ட்டுக்கு மட்டுமான நினைவு என்ற தேர்வு வந்தது. புராஜெக்ட்டை உருவாக்கும்போதே இதைத் தேர்ந்துகொண்டால், உள்ளே நடக்கும் சாட்கள் தங்களுக்குள் விவரங்களை எடுத்துக்கொள்ளும். வெளியே நடந்த சொந்தப் பேச்சுகள் உள்ளே வராது. சங்க வேலைக்கு இந்தப் பிரிப்பு மிகவும் தேவை. செயலாளர் தன் உடல்நலம் பற்றித் தனியாகப் பேசிய ஏதோ ஒன்று சங்கக் கடிதத்தின் ஓரத்தில் தலைகாட்ட வேண்டிய அவசியம் இல்லை.

இருந்தாலும் நினைவை நம்பி முடிவுகளை விட்டுவைப்பது சரியாக வராது. ஒரு செவ்வாய்க்கிழமை, சுத்திகரிப்பு நிலையத்தின் ஒப்பந்ததாரரை மாற்றுவது பற்றி ஒரு சாட்டில் நீளமாக யோசிக்கிறார் செயலாளர். மூன்று நிறுவனங்களின் விலைகளை ஒப்பிடுகிறார். இரண்டாவது நிறுவனம், ஆறு மாத ஒப்பந்தம், மாதம் இருமுறை நீர்ப் பரிசோதனை என்று செயற்குழு முடிவெடுக்கிறது. நினைவு வசதி இதிலிருந்து 'ஒப்பந்ததாரர் மாற்றம் பற்றிப் பேசினார்' என்ற அளவில் ஒரு குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். கைவிடப்பட்ட மூன்றாவது நிறுவனத்தின் விலையையும் எடுத்துக்கொள்ளலாம். எனவே பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டியது 'முடிவுகள்' என்ற ஒரே ஒரு கோப்பு. சாட் முடிந்ததும் தேதி, முடிவு, காரணம் என்று மூன்று வரி எழுதி அதில் சேர்த்து, பழைய பிரதியை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். நீக்காமல் ஏற்றினால் 'முடிவுகள்' கோப்பே இரண்டாகி, கட்டணச் சுற்றறிக்கையில் பார்த்த அதே கதை இங்கேயும் நடக்கும்.

சாட்களையும் வேலைக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒரே சாட்டில் மாதக்கணக்கில் எல்லாவற்றையும் பேசிக்கொண்டே போனால் அது நீண்டு, பழைய வரைவுகளும் கைவிட்ட யோசனைகளும் கோப்புகளோடு இடத்துக்குப் போட்டியிடும். பொதுக்குழு அறிவிப்புக்கு ஒரு சாட். அது முடிந்ததும் மினிட்ஸுக்குப் புதியது. பொதுவான விவரங்கள் கோப்பில் இருப்பதால் புதிதாகத் தொடங்குவதில் இழப்பு எதுவும் இல்லை. முன்பு புராஜெக்ட்டுக்கு வெளியே நடந்த பயனுள்ள சாட் இருந்தால் அதை உள்ளே நகர்த்தவும் முடியும்.

எதை ஏற்றக் கூடாது என்பதில் செயலாளர்கள் கறாராக இருக்க வேண்டும். குடியிருப்போர் பட்டியல் என்றால் பெயர், கைப்பேசி எண், வாகன எண், வாடகைதாரரின் ஆதார் நகல் எல்லாம் அதில் இருக்கும். சுற்றறிக்கை எழுத இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. பாக்கி நினைவூட்டலுக்கு 'வீடு எண்', 'தொகை' என்று காலி இடம் விட்ட கடிதத்தை எழுதவைத்து, பெயர்களைத் தன் கணினியில் உள்ள எக்செல் தாளிலிருந்து செயலாளரே நிரப்பிக்கொள்ளலாம். மற்றவர்களுடைய தனிப்பட்ட விவரங்களைச் செயலாளர் தம் சொந்தக் கணக்கில் ஏற்றுவதற்கு அவர்கள் சம்மதம் கொடுக்கவில்லை. கணக்கின் அமைப்புகளையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சாட்ஜிபிடியில் "Improve the model for everyone" என்ற பொத்தான் திறந்திருந்தால் சாட்கள் மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படலாம், அதை அணைத்துவிடலாம். கிளாட்டிலும் இதற்கான தேர்வு தனியுரிமை அமைப்புகளில் இருக்கிறது.

தலைவர், பொருளாளர் ஆகியோரும் அதே கட்டைப் பயன்படுத்த விரும்பினால் புராஜெக்ட்டைப் பகிரும் வசதி உதவும். கிளாட்டின் குழுக் கணக்குகளில் இது தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. சாட்ஜிபிடியில் தனிநபர் கணக்குகளுக்கும் பின்னர் வந்தது. பகிரும்போது யார் பார்க்கலாம், யார் கோப்பையும் அறிவுறுத்தலையும் மாற்றலாம் என்று பிரித்துக் கொடுக்க முடியும். மாற்றும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருப்பதே நல்லது. பொருளாளர் நல்லெண்ணத்தோடு ஏற்றிய ஒரு பழைய கட்டணப் பட்டியல் என்ன செய்யும் என்பதை மேலேயே பார்த்தோம்.

தேர்தல் வந்து செயற்குழு மாறும்போது இந்த ஏற்பாட்டின் பலவீனம் வெளியே தெரியும். புராஜெக்ட் பழைய செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கில் இருக்கிறது. அதைப் புதியவரிடம் அப்படியே கைமாற்றுவது பெரும்பாலும் முடியாது. கடவுச்சொல்லைக் கொடுப்பதும் சரியில்லை, அதே கணக்கில் அவருடைய சொந்தச் சாட்களும் இருக்கும். ஆகவே தொடக்கத்திலேயே, ஏற்றிய ஒவ்வொரு கோப்பின் மூலப் பிரதியும் அறிவுறுத்தலின் நகலும் சங்கத்தின் பெயரில் உள்ள டிரைவிலோ பென்டிரைவிலோ இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 'முடிவுகள்' கோப்பை மாதம் ஒருமுறை அச்செடுத்து மினிட்ஸ் புத்தகத்தோடு சேர்த்துவைக்கலாம். பொறுப்பேற்கும் புதிய செயலாளர் தன் கணக்கில், அது எந்த நிறுவனத்தின் செயலியாக இருந்தாலும், புதிய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து அந்தக் கோப்புகளை ஏற்றி, அறிவுறுத்தலை ஒட்டி, நீச்சல் குளம் பற்றிய கேள்வி உட்பட அந்த நாலைந்து சோதனைக் கேள்விகளையும் கொடுத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகும்.